மேனேஜரின் தண்ணீர்

"கடிக்காது ஆச்சி, பத்து வருஷமா அது—"

"கடியைப் பத்தி இங்க யாருடா பேசுனா? பிள்ளைக்கு வயித்தால போயி—"

"பத்து வருஷமா ஒருத்தரையும் கடிச்சதில்ல, ஒரு சத்தம்—"

"—போயி, கண்ணு ரெண்டும் உள்ள போயி, ஊசி குத்த நரம்பு கிடைக்காம அந்த நர்ஸ் பொண்ணு தடவித் தடவி—"

"ஒரு சத்தம் போட்டதில்ல. அது பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்கு."

"சத்தம் போடாம மூலையில கிடக்குறதைத்தான் நம்பக்கூடாது."

தெய்வானை இதைச் சொல்லிவிட்டு, கையிலிருந்த கரண்டியால் கண்ணாடித் தொட்டியைச் சுட்டிக்காட்டினாள். தொட்டிக்கு முன்னால் அவள் தம்பி விஸ்வநாதன், நீதிமன்றத்தில் கட்சிக்காரனை மறைத்துக்கொண்டு நிற்கும் வக்கீலைப் போலக் குந்தியிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டளவு ஆமை, காதோரம் சிவப்புக் கோடு போட்ட ஆமை, கல்லின்மேல் ஏறி உட்கார்ந்து கழுத்தை நீட்டி இருவரையும் பார்த்தது. பார்த்துவிட்டுக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

ஆமையின் பெயர் மேனேஜர். விஸ்வநாதன் செபராங் ஜெயாவில் காப்புறுதி விற்றுக்கொண்டிருந்த அலுவலகத்தை ஒருநாள் மூடினார்கள். பழைய மேனேஜர் கோலாலம்பூருக்கு மாற்றலாகிப் போனார். மேசை, நாற்காலி, குளிர்சாதனம் எல்லாவற்றையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போன பிறகு, மேனேஜர் அறையில் மிஞ்சியது இந்தத் தொட்டி ஒன்றுதான். விஸ்வநாதன் அதை மடியில் வைத்துக்கொண்டு பினாங்குப் பாலம் கடந்து ஆயர் ஈத்தாமில் இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தான். நம் ஆட்கள் ஆமையை வாசல்படி ஏற்றமாட்டார்கள். தெய்வானை அன்றைக்குப் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனால் எதிர்வீட்டுச் சீனர் வந்து பார்த்து, ஆமை அதிர்ஷ்டம் என்று கைகூப்பி வாழ்த்திவிட்டுப் போனார். அந்த மாதமே விஸ்வநாதனுக்கு இரண்டு பெரிய பாலிசிகள் கிடைத்தன. அதோடு ஆமை நிரந்தரப் பணியாளராகிவிட்டது. தினமும் சாயங்காலம் வந்து அன்றைக்கு யாரைப் பார்த்தேன், யார் கதவைச் சாத்தினார்கள் என்று அதனிடம் சொல்லுவான். அது கேட்டுவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பழைய மேனேஜரும் அப்படித்தானாம்.

"விசு, நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. அது வேணுமா, உன் மக வேணுமா?"

"இது என்ன ஆச்சி கேள்வி. ரெண்டும்தான்."

ஆச்சி என்பது செட்டி வீட்டில் அக்காவைக் கூப்பிடும் முறை. தெய்வானைக்கு வயது ஐம்பத்தெட்டுதான். கல்யாணம் என்று ஒன்று அவளுக்கு வரவில்லை. வராததற்காக அவள் உட்கார்ந்து அழவும் இல்லை. பினாங்கில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற மறு மாதம் தம்பி வீட்டில் அபிராமி பிறந்தாள். தம்பி மனைவி உமா வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பிள்ளை தெய்வானையின் கைக்கு வந்தது. இப்போது பிள்ளைக்கு இரண்டரை வயது. காலையில் கண்விழித்ததும் "அத்தை" என்பாள், அப்புறம்தான் அம்மா, அப்பா எல்லாம்.

அந்த "அத்தை"க்குத்தான் இப்போது ஆபத்து. ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குச் சொட்டு மருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, உமா பக்கத்துக் கட்டிலைப் பார்த்துச் சொல்வதுபோல் ஒரு வார்த்தை சொன்னாள். "ஃபேக்டரிக்குப் பக்கத்துல ஒரு பிள்ளைக் காப்பகம் இருக்கு. இடமும் இருக்காம். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அங்கேயே விட்டுடப் போறேன்." யாரையும் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் தெய்வானை திருப்பிச் சொல்லியிருப்பாள்.

"ரெண்டு பேரும் முடிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே உமா உள்ளே வந்தாள். தூங்கும் பிள்ளை தோளில் கிடந்தது. "டாக்டர் என்ன சொன்னாங்கன்னு நான் சொல்லட்டுமா, இல்ல நீங்களே மாத்தி மாத்திச் சொல்லிக்கிறீங்களா?"

டாக்டர் ஜன்னத் சொன்னது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். பிள்ளையின் மலத்தைச் சோதித்ததில் சால்மொனெல்லா என்ற கிருமி வளர்ந்திருந்தது. வீட்டில் பிராணி ஏதும் உண்டா என்று டாக்டர் கேட்டார். "இல்லை" என்றான் விஸ்வநாதன். "ஆமை?" என்றாள் உமா. "அதைப் பிராணின்னு சொல்ல முடியாது டாக்டர், அது ஆபீஸ்லேர்ந்து வந்தது" என்றான் அவன். டாக்டர் ஒரு நிமிஷம் பேனாவை மூடிவைத்தார்.

"அண்ணே, ஆமைக்குக் குடல்ல இந்தக் கிருமி சாதாரணமா இருக்கும். அதுக்கு ஒண்ணும் செய்யாது. ஓடு, தோலு, அது நீந்துற தண்ணி, எல்லாத்துலயும் ஒட்டியிருக்கும். அஞ்சு வயசுக்குள்ள பிள்ளை இருக்குற வீட்டுல ஆமை வச்சுக்கவே கூடாது. தொட்டியை எங்க கழுவுறீங்க?"

"சமையலறை சிங்க்குல."

"பிள்ளையோட பால் போத்தலு?"

உமா திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

உமா மாக் மண்டினில் பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவள். பிரச்சினை என்று வந்தால் அவளுக்கு அழத் தெரியாது. ஸ்டிக்கர் ஒட்டத்தான் தெரியும். பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு சிவப்புச் சுருளை எடுத்தாள். உடைந்த வாளி, கோணல் மூடி இவற்றின்மேல் ஒட்டும் "ரிஜெக்ட்" ஸ்டிக்கர். ஒன்றைக் கிழித்து நேராகப் போய்த் தொட்டியின்மேல் ஒட்டினாள்.

"என்ன உமா இது. பத்து வருஷ சர்வீஸ்."

"வேற வீடு கிடைக்கிற வரைக்கும் இது பின்பக்க ஸ்டோர்ல இருக்கும். அபி அந்தப் பக்கம் போகக்கூடாது, ஸ்டோர் கதவு பூட்டியே இருக்கணும். இதுக்குன்னு தனி வாளி, தனி பிரஷ். தொட்ட கையை சவுக்காரம் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவணும், விரல் இடுக்கு, நகத்துக்கு அடியில எல்லாம். டயப்பர் மாத்துன பிறகும் அப்படித்தான். பிள்ளை தேறுனாலும் கிருமி இன்னும் கொஞ்ச நாளைக்கு வெளிய போயிட்டே இருக்குமாம். அப்புறம் இந்த ஆமைத் தண்ணி. சிங்க்குல ஊத்தக்கூடாது. நாம குளிக்கிற பாத்ரூம்லயும் கூடாது. வெளியே கொண்டுபோயி ஊத்துங்க."

"சரிதான்" என்றாள் தெய்வானை. இத்தனை வருஷத்தில் உமா சொன்ன ஒன்றை அவள் இவ்வளவு முழு மனசோடு ஒப்புக்கொண்டதே இல்லை. "நானே ஊத்துறேன். இவனுக்கு இடுப்பு வலி, வாளி தூக்க மாட்டான். ஆனா அந்தச் சனியனை மட்டும் நான் தொடமாட்டேன்."

"நீங்க தொடவே வேணாம் ஆச்சி."

தொடவும் இல்லை. விஸ்வநாதன் கையுறை போட்டுக்கொண்டு தொட்டியைத் தேய்ப்பான், பழைய தண்ணீரைச் சிவப்பு ஸ்டிக்கர் வாளியில் இறைப்பான்; தெய்வானை வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போவாள். வந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். வளையல் இறங்கும் அளவுக்குக் கழுவினாள். உமா பார்த்துவிட்டு, "ஃபேக்டரியில உங்களை மாதிரி நாலு பேரு இருந்தா எனக்கு வேலையே இல்ல ஆச்சி" என்றாள். தெய்வானை அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

விஸ்வநாதன் மட்டும் ஓயவில்லை. மேனேஜர்மேல் பழி விழுந்துவிட்டது, அதைத் துடைக்காமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆமையை ஒரு பெட்டியில் வைத்து டவுனுக்குக் கொண்டுபோய், பிராணி மருத்துவரிடம் பஞ்சுக் குச்சியால் துடைத்துச் சோதிக்கக் கொடுத்தான். முடிவு வந்த அன்று வடையும் கூவே பலகாரமும் வாங்கிக்கொண்டு வந்தான்.

"ஒண்ணும் இல்லையாம். கிளீன். இனிமே யாராவது அதைப் பேசட்டும், நான் பாத்துக்குறேன்."

"பிராணி டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?"

"என்னமோ சொன்னாரு. நான் சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

உமா டாக்டர் ஜன்னத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அண்ணே, அது பாஸ் பண்ற பரீட்சை இல்லண்ணே. அந்தக் கிருமி தினமும் வெளிய வராது. இன்னைக்கு வராது, நாளைக்கு வரும். ஒரு தடவை இல்லைன்னு வந்தா, அந்த ஒரு தடவை சிக்கலைன்னுதான் அர்த்தம்."

"அப்ப என்னதான் பண்ணா அதை நம்புவீங்க டாக்டர்?"

"ஆமையை நான் நம்புறதும் இல்ல, சந்தேகப்படுறதும் இல்ல. வீட்டை விட்டு அனுப்புங்கன்னு சொல்றேன். ஆனா ஆத்துலயோ அணைக்கட்டுலயோ விட்டுடாதீங்க. வெளிநாட்டு ஜாதி அது, நம்ம ஊரு ஆமைங்க பொழப்பைக் கெடுத்துடும்."

விஸ்வநாதன் உரித்து எறிந்திருந்த ஸ்டிக்கருக்குப் பதில் உமா புதிது ஒன்றை ஒட்டினாள். வடையை எல்லாரும் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு வீடு தேடும் படலம். பெரியப்பா மகன் வீட்டில் கைக்குழந்தை. பட்டர்வொர்த்தில் ஒரு நண்பன் எடுத்துக்கொள்கிறேன் என்றான், அவன் அம்மாவுக்கு வயது எண்பது. வயதானவர்களுக்கும் அந்தக் கிருமி ஆகாது என்று உமா வெட்டிவிட்டாள். எதிர்வீட்டுச் சீனர் வாழ்த்துவதோடு நிறுத்திக்கொண்டார். கடைசியில் இப்போதைய அலுவலகத்து நண்பர், செபராங் ஜெயாவில் குடியிருக்கும் இர்வான் ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் வீட்டில் கூரை மாற்றுகிறார்கள், முடிந்ததும் வருகிறேன் என்றார். கூரை முடிவதாகத் தெரியவில்லை.

இதற்கிடையில் அபி தேறிவிட்டாள். கன்னம் பழையபடி வந்தது. தெய்வானை தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தாள், முட்டையை நன்றாக வேகவைத்தாள், பழத்தைக் கழுவித் தோல் சீவினாள். பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி வேண்டுமே என்று, தினம் சளிக்குக் கொடுக்கும் ஒரு துளசி இலையை ஐந்தாறாக ஆக்கினாள். காலையில் குளித்துத் துளசி மாடத்தைச் சுற்றிவந்து, கிள்ளி, வாயில் வைப்பாள். அபி முகத்தைச் சுளித்து மென்றுவிட்டு "இன்னும்" என்பாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அபி விளையாட்டை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தெய்வானை பிள்ளையைக் கழுவினாள், துடைத்தாள், உடை மாற்றினாள். மறுபடியும் கழுவினாள். உடம்பு லேசாகச் சுட்டது. போனை எடுத்தாள். உமாவின் பெயர் வந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் அந்தக் காப்பகம் நின்றது. சாயங்காலம் வரை பார்க்கலாமே என்று ஒரு மனம் சொன்னது. சும்மா சூட்டு வயிறாக இருக்கும், சீரகத் தண்ணீர் கொடுத்தால் நின்றுவிடும், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அபி மடியில் சாய்ந்துகொண்டு "அத்தை, திரும்பவும்" என்றாள். தெய்வானை எண்ணை அழுத்திவிட்டாள்.

"உமா, பிள்ளைக்குத் திரும்பவும் போகுது. நீ வா."

கிளினிக்கில் டாக்டர் ஜன்னத்தின் அறை சின்னது. நான்கு பேரும் உள்ளே போய் நின்றதும் கதவைச் சாத்த முடியவில்லை. டாக்டர் அபியின் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், தோலைக் கிள்ளிப் பார்த்தார்.

"பயப்பட வேணாம். போன தடவை மாதிரி வத்திப் போகல. உப்பும் சர்க்கரையும் கலந்த பாக்கெட்டு தர்றேன், கொஞ்சம் கொஞ்சமா குடுத்துட்டே இருங்க. சாப்பாட்டை நிறுத்தாதீங்க. ரத்தம் வந்தாலோ, சோர்ந்து போனாலோ, ஒண்ணுக்கு போகாம இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி."

"டாக்டர்" என்று விஸ்வநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஒரு விஷயம் கவனிக்கணும். மேனேஜர் ஸ்டோர்ல பூட்டிக் கிடக்கு. சாவி என்கிட்ட. பிள்ளை அதைக் கண்ணால பாத்தே ஒரு மாசம் ஆகப்போகுது. அப்ப இது அதோட வேலை இல்லதானே?"

"ஆமா, அது ஸ்டோர்ல பூட்டிக்கிட்டு ஜெபம் பண்ணுது" என்றாள் தெய்வானை. "டாக்டரம்மா, இவன் கையைச் சரியாக் கழுவுறானான்னு கேளுங்க."

"நான் கையுறை போடுறேன் ஆச்சி."

"கையுறையோட கதவைத் தொறப்ப."

"ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க" என்றார் டாக்டர். "பாப்பாவைப் பகல்ல யாரு பாத்துக்குறது?"

"நான்தான்." தெய்வானை ஓரடி முன்னால் வந்தாள்.

"என்ன சாப்பிடுறா?"

"எல்லாம் வெந்ததுதான். தண்ணி கொதிச்சது. முட்டை நல்லா கட்டியா வேகவச்சது. பழம் தோல் சீவுனது. வெளிச் சாப்பாடு ஒரு பருக்கை கிடையாது. உமாகிட்டயே கேளுங்க."

உமா தலையை ஆட்டினாள். "அதுல ஆச்சியை ஒண்ணும் சொல்ல முடியாது."

"வேகாதது, பச்சையா எதுவுமே இல்லையா?"

"இல்லவே இல்ல. பச்சைன்னா அந்தத் துளசி இலை மட்டும்தான். அது மருந்து."

"கடையில வாங்குறீங்களா?"

"கடையிலயா." தெய்வானைக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. "கடையில மருந்தடிச்சு விப்பான். இது வீட்டுத் துளசி. வாசல்ல மாடத்துல. நீங்க வந்து பாருங்க டாக்டரம்மா, ஆள் உசரம். இந்த ஒரு மாசமாத்தான் அப்படித் தளதளன்னு வந்திருக்கு. நான் குழாய்த் தண்ணியே ஊத்துறதில்ல, அதுல குளோரின். இலை மேலேயிருந்து அபிஷேகம் பண்ற மாதிரி ஊத்துறது எல்லாம் மேனேஜர் தண்..."

சொல் பாதியில் நின்றுவிட்டது. அவள் வாய்தான் சொன்னது. ஆனால் அவள் காது இப்போதுதான் கேட்டது.

அபி டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்க்கும் குழலை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தத் தண்ணி?" என்று உமா மெதுவாகக் கேட்டாள்.

"நீதானே வெளியே கொண்டுபோயி ஊத்தச் சொன்ன."

"வெளியேன்னா... வெளியே ஆச்சி. கால்வாய்ல."

"நல்ல சத்துள்ள தண்ணி. யாராவது கால்வாய்ல ஊத்துவாங்களா?"

"கால்வாய்லயும் கூடாது" என்றார் டாக்டர். "கக்கூஸ்ல ஊத்தி ஃப்ளஷ் பண்ணணும். உமா, நீங்களும் அதைச் சொல்லல போல."

உமாவின் முகம், தன் கையெழுத்துப் போட்ட சரக்கு திரும்பி வந்ததைப் பார்த்தவள் முகம்போல ஆனது.

"கழுவித்தான் குடுத்தேன்" என்றாள் தெய்வானை. குரல் சிறுத்துவிட்டது. "சில நாளு."

"கழுவுனாலும் இலையில ஒட்டுன கிருமி முழுசாப் போகாதுக்கா."

விஸ்வநாதன் கொஞ்ச நேரம் யோசித்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப மேனேஜர் குத்தவாளி இல்ல."

"மேனேஜர்தாண்ணே. டெலிவரிதான் வேற ஆளு."

சொன்ன பிறகு டாக்டர், தெய்வானையின் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "அக்கா, அடிச்சுச் சொல்ல முடியாது. முதல்ல வந்த கிருமியே குடல்ல மிச்சம் இருந்திருக்கலாம். சின்னப் பிள்ளைங்களுக்கு அது வாரக்கணக்குல தங்கும். மலத்தைத் திரும்பச் சோதிச்சாலும் பழசா புதுசான்னு பிரிக்கிறது கஷ்டம். எதுவா இருந்தாலும் அந்த இலை வேணாம். ஆமையும் வேணாம்."

தெய்வானை அந்த 'இருந்திருக்கலாம்' என்ற வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பழசாகவே இருக்கட்டும். காரில் வீட்டுக்குப் போகும்வரை அதை மனசுக்குள் உருட்டிக்கொண்டே வந்தாள். பின் இருக்கையில் அபி அவள் மடியில் படுத்திருந்தாள். முன்னால் உமா போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த தெய்வானைக்கு, சுவரில் யானை வரைந்த ஒரு கட்டடத்தின் படம் தெரிந்தது. சின்னச் சின்ன நாற்காலிகள். அவள் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை உமா விடுப்பு எடுத்தாள். வெள்ளிக்கிழமையும் எடுத்தாள். பேச்சில் குறை ஒன்றும் இல்லை. "ஆச்சி, கஞ்சி இருக்கா", "ஆச்சி, நீங்க சாப்டீங்களா". தண்ணீரில் கலக்கும் உப்புப் பாக்கெட்டை மட்டும் உமாவே கலந்தாள். டயப்பரையும் அவளே மாற்றினாள். வெள்ளிக்கிழமை காலை அபி இட்லி தின்றாள். வயிறு நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் இர்வான் வந்தார். கூரை முடிந்துவிட்டதாம். உமா அவரை வாசல் கேட்டிலேயே நிறுத்திவிட்டாள். தரக் கட்டுப்பாட்டுக்காரி சரக்கு வாங்க வந்தவனை விசாரிப்பதுபோல மலாயில் கேள்விமேல் கேள்வி. வீட்டில் சின்னப் பிள்ளை உண்டா? இல்லை, நானும் மனைவி ரொஸ்னாவும்தான், மகன் ஜொகூரில் வேலை. பேரப்பிள்ளை? இன்னும் இல்லை. வந்தால்? வந்தால் ஆமையை மாற்றிவிடுவேன். வயதானவர்கள், பிள்ளைத்தாய்ச்சி, சீக்காளி? இல்லை. தொட்டியை எங்கே கழுவுவீர்கள்?

"டாப்பூர்லயா?" என்று இர்வான் தயக்கத்தோடு கேட்டார். சமையலறையிலா என்று.

"தவறு" என்றாள் உமா.

"வெளியே. தனியா. சவுக்காரம்." இர்வான் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "தண்ணி ஜாம்பான்ல, லா. விஸ்வா எல்லாம் சொல்லிக் குடுத்திருக்காரு."

கக்கூஸில் ஊற்றுவேன் என்று அவர் சொன்ன பிறகுதான் கேட் திறந்தது.

விஸ்வநாதன் ஸ்டோரிலிருந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். சட்டையை மாற்றியிருந்தான். "செபராங் ஜெயாவிலேர்ந்து வந்தது, செபராங் ஜெயாவுக்கே போகுது. இதை டிரான்ஸ்ஃபர்னுதான் எடுத்துக்கணும்" என்று ஆரம்பித்தான். மேனேஜர் கழுத்தை நீட்டி அவனைப் பார்த்தது, வழக்கம்போல உள்ளே இழுத்துக்கொண்டது. இர்வான் அவன் தோளைத் தட்டி, ஞாயிறுகளில் வந்து பார்க்கலாம், கையைக் கழுவிவிட்டுப் போகலாம் என்றார்.

தொட்டியைக் காரில் ஏற்றிக் கட்டிவிட்டு இர்வான் திரும்பினார். வாசலில் துளசி ஆள் உயரம் நின்றது. "ஆஹா, கமாங்கி. என்ன வாசம்" என்றபடி கையை நீட்டி ஒரு கொத்தை ஒடித்தார். மலாய்க்காரர்கள் அந்த ஜாதி இலையைப் பச்சையாகச் சோற்றோடு தின்பார்கள். இர்வானுக்குப் பசி வேறு. கொத்து வாய்க்குப் போனது.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். விஸ்வநாதன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். உமா கொத்தைப் பிடுங்கினாள். தெய்வானை, வயது வித்தியாசம், மரியாதை எதுவும் பார்க்காமல், அவர் தாடையைப் பிடித்து "துப்பு, துப்பு" என்று தமிழிலேயே சொன்னாள். இர்வான் வாயில் ஒன்றும் இல்லாமலே துப்பினார்.

அவர் கார் தெருமுனை திரும்பியதும் உமா கொத்தைக் குப்பைப் பையில் போட்டாள். "ஆச்சி, இது இருக்கக்கூடாது."

"தெரியும்."

"நாளைக்கு ஆள் கூப்பிட்டு எடுக்கச் சொல்றேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, நீங்க தொட மாட்டீங்க."

"இலை கிள்ளுறதுக்கே நாள் கிழமை பாக்கணும் உமா, இது வேரோட" என்றான் விஸ்வநாதன். "மொதல்ல அய்யர்கிட்ட ஒரு வார்த்தை—"

"அய்யருக்கா வயித்தால போச்சு?" என்றாள் தெய்வானை.

அவள் உள்ளே போய் உமாவின் கையுறைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். மாடத்தின் முன்னால் நின்று ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள். என்ன வேண்டினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பிறகு தண்டை இரு கையாலும் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ஒரு மாதம் மேனேஜர் தண்ணீர் குடித்த வேர், அவ்வளவு லேசில் வராது. விஸ்வநாதன் இடுப்பு வலியை மறந்து பின்னால் வந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அக்காளும் தம்பியுமாகத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க இழுத்தார்கள். எதிர்வீட்டுச் சீனர் கேட்டுக்கு வந்து, இது என்ன திருநாள் என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று கைகூப்பினார். வேர் சட்டென்று வந்தது. இருவரும் மண்ணோடு பின்னால் விழுந்தார்கள்.

உமா பையைப் பிரித்துப் பிடித்தாள். செடி, வேர், மண் எல்லாம் உள்ளே போயின. தெய்வானை எழுந்து கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உருவி அதே பையில் போட்டாள். வெளிக்குழாயில் சவுக்காரம் போட்டுக் கழுவினாள். விரல் இடுக்கு, நகத்தடி, மணிக்கட்டு. உமா பையின் வாயை முடிந்து, அதன்மேல் ஒட்டுவதற்குச் சிவப்பு ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தாள். உள்ளே அபி எழுந்துவிட்டாள்; "அத்தை" என்று குரல் வந்தது.

தெய்வானை போகவில்லை. ஈரக் கையை உதறியபடி உமாவின் எதிரில் வந்து நின்றாள்.

"திங்கக்கிழமை நீ வேலைக்குப் போறப்ப, அபியை என்கிட்ட விட்டுட்டுத்தானே போவ?"